வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதா, முதுமைக்குச் சேர்ப்பதா?

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய வணிகப் பெருமக்களில் பலருக்கு இன்னும் வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ பிளாட் வாங்கியபோது போட்ட தவணை, கடையை விட்டு ஓய்வெடுக்க நினைக்கும் வயதைத் தாண்டியும் நீள்கிறது. மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிக்க முடிகிறவர்கள் அதைக் கடனில் கட்டிச் சீக்கிரம் தீர்ப்பதா, முதுமைக்கு என்று தனியே சேர்ப்பதா? மாதச் சம்பளக்காரருக்குப் பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் உண்டு. நமக்குக் கடையை மூடிய மறுநாளே வருமானம் நின்றுவிடும். ஆகவே இந்தக் கணக்கை நாம் வேறு விதமாகப் போட வேண்டும்.

ஒரு கணக்கு

பாண்டி பஜார் பக்கம் மளிகைக் கடை நடத்தும் 55 வயது வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடன் பாக்கி 12 லட்சம். மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம் என்று கொள்வோம். இன்னும் 8 ஆண்டுத் தவணை. மாதத் தவணை சுமார் 17,270 ரூபாய். அதற்கு மேல் மாதம் 12,500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். அறுபதில் கடையை மகனிடம் ஒப்படைக்க எண்ணம்.

முதல் வழியில், மிச்சம் முழுவதையும் கடனில் கட்டுகிறார். நான்கே ஆண்டில் கடன் தீர்கிறது. ஐந்தாம் ஆண்டு தவணைப் பணத்தையும் சேர்த்துச் சேமிக்கிறார். அறுபதில் வீடு வில்லங்கமின்றி இருக்கும். கையில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் இருக்கும்.

இரண்டாம் வழியில், தவணையை மட்டும் கட்டி, 12,500-ஐ பி.பி.எப். கணக்கில் போடுகிறார். இந்தக் கணக்கின் ஆண்டு வரம்பு ஒன்றரை லட்சம், அதாவது மாதம் 12,500 ரூபாய்தான். 2020 ஏப்ரல் முதல் 2025 முடியும்வரை 7.1 சதவீத வட்டியே இருந்தது. அந்த வட்டிக்கு வரி கிடையாது. அதே வட்டி நீடித்தால் அறுபதில் கணக்கில் சுமார் 8 லட்சத்து 98 ஆயிரம் இருக்கும். கடன் பாக்கி சுமார் 5 லட்சத்து 47 ஆயிரம். பாக்கியைக் கழித்தால் 3 லட்சத்து 51 ஆயிரம்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து ஆண்டில் சுமார் 30 ஆயிரம் ரூபாய்தான். கடனை அடைப்பதே லாபம் என்றாலும், பலர் நினைப்பதுபோல் அது பெரிய லாபமல்ல. இரண்டாம் வழியில் அந்த 30 ஆயிரம், ஒன்பது லட்சத்தைத் தன் பேரில் வைத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை. கடனில் கட்டிய பணத்தை, உடம்பு சரியில்லை என்று சொல்லி வங்கியிடம் திருப்பிக் கேட்க முடியாது.

கணக்கு மாறும் இடங்கள்

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர், தான் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 8.5 சதவீத வட்டியின் உண்மைப் பாரம் சுமார் 6.8 சதவீதம்தான். அவருக்கு 7.1 கொடுக்கும் பி.பி.எப். முந்துகிறது. புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. எந்த முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறோம் என்பதை ஆடிட்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.பி.எப். கணக்கு ஏற்கனவே 15 ஆண்டு முடிந்து, ஐந்தாண்டு நீட்டிப்பில் இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். அதில் ஆண்டுக்கு ஒரு முறை, நீட்டிப்பு தொடங்கும்போது இருந்த தொகையில் 60 சதவீதம் வரையே எடுக்கலாம். முதிர்ந்த ஓராண்டுக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுக்க மறந்துவிட்டால், பிறகு போடும் பணத்துக்கு வட்டி வராது. 55 வயதில் புதிதாகத் தொடங்கினால் 15 ஆண்டுப் பூட்டு என்பதால் அறுபதில் அது உதவாது.

அப்படிப்பட்டவர் வங்கி டெபாசிட்டில் 6.5 சதவீதத்துக்குப் போட்டு அதற்கு 20 சதவீத வரியும் கட்டினால், நிற்பது 5.2 சதவீதம்தான். அப்போது வித்தியாசம் 30 ஆயிரத்திலிருந்து சுமார் 70 ஆயிரமாக விரியும். அவருக்குக் கடனை அடைப்பதே மேல்.

வியாபாரிக்கு மட்டும் உள்ள விஷயங்கள்

கடைக்கு ஓ.டி. அல்லது கைமாற்று இருந்தால், பெரும்பாலும் அதன் வட்டி வீட்டுக் கடனை விட அதிகம். அது இருக்கும்போது வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பது விலை குறைந்த கடனைத் தீர்த்து விலை கூடிய கடனை வைத்துக்கொள்வதாகும். ஓ.டி.யை முதலில் இறக்குங்கள்.

தனி உரிமையாளராகக் கடை நடத்துபவரின் சொந்தச் சொத்தும் கடைக் கடனுக்குப் பொறுப்பு. கொள்முதல் பாக்கிக்காக வழக்கு வந்து தீர்ப்பானாலும், பி.பி.எப். இருப்பை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. வீட்டுக்கோ வங்கி டெபாசிட்டுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாம் வழியில் உள்ள பெரிய ஆபத்து நம் பழக்கம்தான். தீபாவளி சீசனுக்குச் சரக்கு எடுக்கக் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் போடுவோம். எளிதில் எடுக்கும்படியான சேமிப்பு அறுபதுவரை நிற்பதில்லை. கடந்த மூன்று ஆண்டுப் பாஸ்புக்கைப் புரட்டினால் நம் குணம் தெரிந்துவிடும். சீசன்தோறும் இருப்பு குறைந்திருந்தால், மிச்சத்தைக் கடனில் கட்டிவிடுவதே நல்லது.

கடன் வட்டியை விடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று வெளியில் டெபாசிட் போடுவது இன்னொரு ஆபத்து. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டில், முதிர்ந்த டெபாசிட்டுகள் திரும்பவில்லை என்று முதலீட்டாளர்கள் புகார் கொடுத்து, 2024 ஆகஸ்டில் அதன் மேலாண்மை இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் கைது செய்தனர். புகார் கொடுத்தவர்களில் முதியோர் பலர். ஓர் அமைப்பின் வயது அதில் போடும் பணத்துக்குக் காப்பீடாகாது. ஒரு வங்கியில் ஒருவரின் டெபாசிட்டுக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில் ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் வங்கியில் இருக்கட்டும். அடுத்து ஓ.டி. அதன் பிறகு, நீட்டிப்பில் உள்ள பி.பி.எப். இருந்து அதில் கை வைக்காத பழக்கமும் இருந்தால், அதை நிரப்புங்கள். அறுபதில் அதிலிருந்து எடுத்துப் பாக்கியை ஒரே தடவையில் அடைக்கலாம். எடுக்கும் வரம்புக்குள் பாக்கி அடங்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இல்லாதவர்கள் கடனையே கட்டுங்கள்.

தனிநபர் பேரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கூடுதல் தொகை கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டுமா, காலத்தைக் குறைக்க வேண்டுமா என்று எழுதிக் கொடுங்கள். காலம் குறைந்தால்தான் நம் கணக்குப்படி வட்டி மிஞ்சும்.

கடன் தீர்ந்தபின் 30 நாளில் மூலப் பத்திரம் திரும்ப வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்த விதி அமலில் உள்ளது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். பத்திரம் கைக்கு வந்ததோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவுக்கு ரத்து ரசீதும் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் பழைய அடமானத்தோடு ரத்தும் பதிவாகியிருந்தால்தான் கடன் முழுதாகத் தீர்ந்தது.