அறிவிப்பு வாசகம் எழுதுதல்: பூக்கடை முன்பதிவு

மும்பை மாட்டுங்காவில் உள்ள ஒரு பூக்கடை, ஆயுத பூசைக்கு முன்பதிவு பெறுவதாகக் கொள்வோம். கடை முகப்பில் உள்ள பலகையில் பின்வருமாறு எழுதப்பட்டுள்ளது.

“பூசைக்கு மாலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும். இன்றே பதிவு செய்க. நாளை 7 மணிக்குப் பெற்றுக்கொள்க.”

இவ்வாசகத்தில் மூன்று குறைகள் உள்ளன. பலகை பல நாள் தொங்கும்; எனவே, ‘இன்று’, ‘நாளை’ ஆகிய சொற்கள் எந்த நாளைக் குறிக்கின்றன என்பது படிப்பவருக்கு விளங்காது. நாளும் கிழமையும் எழுத வேண்டும். ‘7 மணி’ என்பது காலையா, இரவா என்பதும் தெரியவில்லை.

மூன்றாவது குறை, பூவின் இயல்பை அறிந்தால் புலப்படும். மராத்தியில் ‘ஜெண்டு’ எனப்படும் செண்டுமல்லியை மாலையாகக் கட்டினால் ஓர் இரவு வாடாமல் இருக்கும். மல்லிகையோ அவ்வாறன்று. அதனை மொட்டாகவே தொடுப்பர். மொட்டு அன்று மாலையில் விரியும், மறுநாள் வாடும். ஆகவே, செண்டுமல்லி மாலையை முதல்நாள் இரவிலும், மல்லிகைச் சரத்தைப் பூசை நாள் காலையிலும் கொடுப்பதே முறை. இரண்டிற்கும் ஒரே நேரம் குறித்தால், மல்லிகை வாங்கியவர் பூசை வேளையில் வாடிய பூவைச் சூட்ட நேரும்.

பதிவுக்கும் ஒரு கடைசி நேரம் தேவை. கடைக்காரர் தாதர் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் பூ வாங்குகிறார். எவ்வளவு வாங்குவது என்பதை அதற்கு முன்பே அவர் அறிய வேண்டும். குறைத்து வாங்கினால் பதிவு செய்தவருக்குப் பூ இராது. மிகுத்து வாங்கினால் பூ வீணாகும்.

2025ஆம் ஆண்டு ஆயுத பூசைக்குத் திருத்திய வாசகம்:

ஆயுத பூசை (அக்டோபர் 1, புதன்)
முன்பதிவு: செப்டம்பர் 28, ஞாயிறு இரவு 8 மணி வரை. பாதித் தொகை முன்பணம்.
செண்டுமல்லி மாலை பெறும் நேரம்: செப்டம்பர் 30, செவ்வாய் இரவு 7 முதல் 9 மணி வரை.
மல்லிகைச் சரம் பெறும் நேரம்: அக்டோபர் 1, புதன் காலை 7 முதல் 9 மணி வரை.
பதிவுச் சீட்டுடன் வருக. குறித்த நேரத்திற்குள் பெறாத பூ பிறருக்கு விற்கப்படும்.

ஒரு பட்டறைக்காரர் 2 செண்டுமல்லி மாலையும் 5 முழம் மல்லிகைச் சரமும் பதிவு செய்தால், அவர் இருமுறை வர வேண்டும். இதனை அறியாமல் செவ்வாய் இரவே மல்லிகையும் கேட்பார். எனவே, அவருடைய சீட்டில் இரு நேரங்களையும் தனித்தனியே எழுத வேண்டும்.

சொல் அறிவோம்: ‘மாலை’ என்பது தொடுத்த பூவையும் பொழுதையும் குறிக்கும். ‘மாலை 6 மணிக்கு’ என்பதில் குழப்பமில்லை. ‘மாலை பெறும் நேரம் 6 மணி’ என்பதில் உண்டு. பூவின் பெயரை முன்னே சேர்த்தால் பொருள் தெளிவாகும்.

பயிற்சி: பொங்கலுக்கு மல்லிகைச் சரம் மட்டும் விற்கும் கடைக்கு வாசகம் எழுதுக. பதிவு முடியும் நேரத்தையும் பெறும் நேரத்தையும் அவ்வாறு குறித்ததற்கான காரணத்தை இரண்டு தொடர்களில் விளக்குக.