ரிப்போர்ட்டில் வாரக் கணக்கு வேறுபட்டால்



20 வாரக் கர்ப்பிணியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில், எஃப்.எல். எனும் தொடை எலும்பு நீளம் 30 மி.மீ., ‘19 வாரம் 2 நாள்’ என்றிருந்தால், “பிள்ளைக்குக் கால் குட்டையோ?” என்று பெற்றோர் கலங்குகிறார்கள்.

அந்த நீளம் சராசரியாக எந்த வாரத்தில் இருக்கும் என்பதை மட்டுமே அந்தக் கணக்கு சொல்கிறது. தலை, வயிறு, தொடை மூன்றும் ஒரே நாளைக் காட்டுவது அரிது. இந்தக் கட்டத்தில் ஒரு வார வித்தியாசம் சாதாரணமே.

முதல் மூன்று மாத ஸ்கேனில் குறித்த பிரசவத் தேதியே நம்பகமானது. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வித்தியாசம் இரண்டு வாரத்தைத் தாண்டினால், மறு ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே அளவு கூடுகிறதா என்பதே வளர்ச்சியைக் காட்டும். பின்மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்தால், ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.