0.1 + 0.2 ஏன் சரியா 0.3 ஆகறதில்ல? ரெண்டு பக்கமும் 450.30, ஆனா ஷீட் "பொருந்தவில்லை"ன்னு சொல்லுது!

நம்ம மாதாந்திர பட்ஜெட் ஷீட் வீடியோவைப் பார்த்துட்டு ஒரு தம்பி அவரோட ஷீட்டை எனக்கு அனுப்பியிருந்தார். சம்பள அக்கவுன்ட்ல 62,450.30 ரூபாய். வாடகை, வீட்டுக்கு அனுப்பினது, ஆர்டி, எஸ்ஐபி எல்லாம் சேர்த்து சரியா 62,000 போயிடுச்சு. மீதி 450.30. பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் அதே 450.30 தான். ஆனா அவர் போட்டிருந்த செக் ஃபார்முலா மட்டும் சிவப்புல நிக்குது.

```
B2: 62450.30
B3: 62000
B4: =B2-B3
B5: 450.30
B6: =IF(B4=B5,"சரி","பொருந்தவில்லை")
```

"அண்ணா, ஒரு ராத்திரி முழுக்கத் தேடிட்டேன். எந்த என்ட்ரியை விட்டேன்னு தெரியல"ன்னு எழுதியிருந்தார். அவர் எந்த என்ட்ரியையும் விடல. ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல இதே மாதிரி ஒரு ரீகன்சிலியேஷன்ல நானும் ஒரு சாயங்காலத்தைத் தொலைச்சிருக்கேன். அதனால இதைக் கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம்.

இந்தப் பிரச்சினையோட மிகச் சின்ன வடிவம் பைத்தான்ல தெரியும். ஐடி-ல இருக்கறவங்க ஏற்கனவே பார்த்திருப்பீங்க.

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 0.1 + 0.2 == 0.3
False
```

கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியலைன்னு அர்த்தம் இல்ல. கூட்டறதுக்கு முன்னாடியே, 0.1-ஐ உள்ளே வாங்கும்போதே விஷயம் நடந்து முடிஞ்சிடுது.

மூணு பேர் ஒரு ரூபாயைப் பங்கு போட்டா ஆளுக்கு 0.3333... முடியவே முடியாது, எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகணும். நம்ம எண் முறை பத்தை அடிப்படையா வெச்சது. பத்துக்குள்ள 2-ம் 5-ம் இருக்கு, 3 இல்ல. அதனால மூணால வகுத்தா இழுக்குது. கம்ப்யூட்டரோட அடிப்படை 2 மட்டும்தான். அங்கே 5-க்கும் இடம் இல்ல. அதனால பத்தில் ஒண்ணு, அதாவது நம்ம பத்து பைசா, அதுக்கு முடிவில்லாத எண்.

கையாலயே போட்டுப் பார்க்கலாம். 0.1-ஐ ரெண்டால பெருக்கிட்டே போங்க. முழு எண் வந்தா 1 எழுதிட்டு அதைக் கழிச்சிடுங்க, வரலைன்னா 0 எழுதுங்க. 0.2, 0.4, 0.8 வரைக்கும் மூணு 0. அடுத்து 1.6, ஒரு 1. மீதி 0.6, பெருக்கினா 1.2, இன்னொரு 1. மீதி 0.2. இந்த 0.2-ஐ ஏற்கனவே பார்த்தாச்சு! அப்போ அதே சுற்று திரும்பத் திரும்ப வரும்: 0.000110011001100...

சுவாரசியம் என்னன்னா, நம்ம தாத்தா காலத்து அணா கம்ப்யூட்டருக்கு ரொம்ப வசதி. ஒரு ரூபாய்க்கு 16 அணா. எட்டணா அரை, நாலணா கால், ரெண்டணா அரைக்கால், ஒரு அணா வீசம். எல்லாமே ரெண்டால வகுத்து வகுத்து வந்தது, ஒண்ணுகூட இழுக்காது. 1957-ல ரூபாயை நூறு பைசாவா மாத்தினப்போ நமக்குக் கணக்கு சுலபமாச்சு, இதுக்குக் கஷ்டமாச்சு. .01-லேர்ந்து .99 வரைக்கும் இருக்கற பைசாக்கள்ல .25, .50, .75 மூணு மட்டும்தான் உள்ளே அச்சு அசலா பதியும். மத்த 96-ம் தோராயம்.

எங்கே நிறுத்துறாங்க? எக்ஸெல், பைத்தான் எல்லாம் வழக்கமா ஒரு எண்ணுக்கு 53 பைனரி இலக்கங்கள்தான் ஒதுக்குது. அதுக்கு மேல ரவுண்ட் ஆஃப். அப்படிப் பண்ணும்போது 0.1-ம் 0.2-ம் நிஜத்தை விட ஒரு துளி கூடுதலாப் பதியுது. 0.3 மட்டும் ஒரு துளி குறைவா, 0.29999999999999998...-ஆ பதியுது. கூடுதலான ரெண்டைக் கூட்டி, குறைவான ஒண்ணோட ஒப்பிட்டா எப்படி ஒத்துப்போகும்?

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அந்தக் கூட்டுத்தொகை, பதிய முடிஞ்ச ரெண்டு எண்களுக்குச் சரியா நட்ட நடுவுல போய் விழுது. அந்த மாதிரி சமயத்துல கடைசி இலக்கம் இரட்டைப்படையா இருக்கறதை எடுத்துக்கணும்ங்கிறதுதான் விதி. நாங்க பேங்கர்ஸ் ரவுண்டிங்னு படிச்சோமே, அதே யோசனைதான். இங்கே அந்த இரட்டைப்படை மேல் பக்கத்துல இருக்கு. கீழ்ப் பக்கத்துல இருந்திருந்தா 0.1 + 0.2 சரியா 0.3-ஓட பொருந்தியிருக்கும், இந்த உதாரணமே பிரபலம் ஆகியிருக்காது.

இப்போ தம்பியோட ஷீட்டுக்கு வருவோம். அந்த 53 இலக்கத்தை முழு ரூபாயும் பைசாவும் பங்கு போட்டுக்கணும். 62,450-ஐ எழுதவே 16 இலக்கம் போயிடும். அப்போ .30-க்கு மிச்சம் 37. ஆனா 450-க்கு 9 இலக்கம் போதும், அங்கே .30-க்கு 44 இலக்கம் கிடைக்குது. அதே முப்பது பைசாதான், ஆனா பெரிய தொகைக்குப் பக்கத்துல இருக்கும்போது இன்னும் கரடுமுரடாப் பதியுது. உள்ளே இருக்கறது சுமார் 62450.3000000000029. அதுலேர்ந்து 62,000-ஐக் கழிச்சா முழு ரூபாய் போயிடும், வால் மட்டும் அப்படியே தங்கிடும். அதனால B4-ல 450.3000000000029, B5-ல நேரா டைப் பண்ண 450.30. வித்தியாசம் ஒரு பைசால கோடியில் ஒரு பங்கு கூட இல்ல. ஆனா `=` குறிக்கு அதெல்லாம் தெரியாது.

உங்க ஷீட்ல இதுதான் நடக்குதான்னு கண்டுபிடிக்க, காலியா இருக்கற ஒரு செல்லுல `=B4-B5` போட்டு ஃபார்மேட்டை General-க்கு மாத்துங்க. `2.899E-12` மாதிரி ஏதாவது வந்தா இந்தப் பிரச்சினைதான். 0.01-ஓ அதுக்கு மேலயோ வந்தா அது நிஜமான வித்தியாசம், என்ட்ரியைத் தேடித்தான் ஆகணும். ரெண்டு டெசிமலுக்கு ஃபார்மேட் பண்றது பார்வையை மட்டும்தான் மாத்தும், உள்ளே இருக்கற எண் மாறாது. எக்ஸெல்ல `=0.1+0.2=0.3` போட்டா TRUE வருதேன்னு ஏமாந்துடாதீங்க. அது 15 இலக்கத்துக்கு மேல கண்டுக்காது, அதனால மிகச் சின்ன வால் மறைஞ்சிடுது. தம்பியோட வால் அந்த 15-க்குள்ளயே எட்டிப் பார்க்குது, அதான் மாட்டிக்கிச்சு.

தீர்வு, கழிக்கற இடத்துலயே பைசாவுக்கு ரவுண்ட் பண்ணிடறது.

```
B4: =ROUND(B2-B3,2)
```

சிலர் இதுக்குப் பதிலா "ஒரு ரூபாய்க்குள்ள வித்தியாசம் இருந்தா சரி"ன்னு ஃபார்முலா போடுறாங்க. எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. பேங்க் பிடிச்ச 59 பைசா சார்ஜ் ஒண்ணு அந்தச் சல்லடையில விழுந்து காணாமப் போயிடும். சகிப்பு எல்லை வேணும்னா அரை பைசா போதும்: `=ABS(B4-B5)<0.005`. கோடு எழுதறவங்க இன்னும் நேரான வழியில போகலாம். தொகையைப் பைசாவா, முழு எண்ணா வெச்சுக்கோங்க. 45030 - 45030 எப்பவும் 0 தான். பைத்தான்ல `Decimal("0.1")` உண்டு, ஆனா அந்த மேற்கோள் குறியை விட்டுட்டு `Decimal(0.1)`னு எழுதினா கெட்டுப்போன 0.1 தான் அப்படியே உள்ளே போகும்.

தம்பி `ROUND` போட்டு ஷீட்டைத் திரும்ப அனுப்பினார். மார்ச் மாசத்து வரி பச்சையாயிடுச்சு. ஆனா ஜனவரி வரி இன்னும் சிவப்புலயே இருக்கு, அதுல `=B4-B5` 17.70 காட்டுது. அது எஸ்எம்எஸ் சார்ஜும் அதுக்கான ஜிஎஸ்டியும். அதை மட்டும் அவர் நிஜமாவே எழுத விட்டுட்டார்.