நாலரை மணி வைஃபை

கேள்வி: சங்கராபுரத்தில் விடுதியில் தங்கி டிப்ளமோ படிக்கிறேன் சார். வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி. அங்கே சிக்னல் எடுக்காது. அதனால் பாட வீடியோக்களை இங்கேயே லேப்டாப்பில் இறக்கிக்கொண்டுதான் சனிக்கிழமை பஸ் ஏறுவேன். விடுதியில் நாற்பது பேருக்கும் ஒரே வைஃபை, 50 எம்பிபிஎஸ் இணைப்பு. 300 எம்பி வீடியோ ஒன்று இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் இழுக்கிறது. விடியற்காலை நாலரைக்குப் போட்டால் ஒரே நிமிடத்தில் வந்துவிடுகிறது. முந்தின இரவே லிங்க்குகளை எழுதி வைத்து, அலாரம் அடித்ததும் எழுந்து ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். பக்கத்துக் கட்டில் அண்ணன் தினமும் திட்டுகிறார். தானாக இறங்கும்படி ஒருநாள் செய்து பார்த்தேன். காலையில் ஃபைல்கள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூட ஓடவில்லை. என்ன கோளாறு? நாலரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

— விடுதி மாணவர், சங்கராபுரம்

பதில்: தம்பி, ஓடாத அந்த ஃபைல்களின் அளவை முதலில் பாருங்கள். 300 எம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றும் சில கேபி மட்டுமே இருந்தால் நடந்தது இதுதான்: ராத்திரியில் உங்கள் வைஃபை லாகின் காலாவதியாகிவிட்டது. விடுதி வைஃபைகளில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் ஒன்று வருமே, லாகின் போனபின் எந்த லிங்க்கைக் கேட்டாலும் பல ரவுட்டர்கள் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். டவுன்லோடு செய்யும் நிரலுக்கு அது தெரியாது. லாகின் பக்கத்தையே வாங்கி, `.mp4` என்று பெயர் சூட்டிச் சேமித்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு ஃபைலின் கடைசியை `.html` என்று மாற்றித் திறந்து பாருங்கள், உங்கள் விடுதி லாகின் பக்கம் எட்டிப் பார்க்கும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. அந்தக் குப்பை ஃபைல்களை அழிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி மறுநாள் ஓட்டினால், முதல் 4 கேபி லாகின் பக்கமும் மீதி வீடியோவுமாக ஒட்டிக்கொள்ளும். அளவு சரியாக 300 எம்பி காட்டும், ஆனால் ஓடாது. எனவே முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். லாகின் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று வார்டனிடமோ, வைஃபையைப் பார்த்துக்கொள்பவரிடமோ கேளுங்கள். எட்டு மணி நேரம் என்றால் இரவு 10 மணிக்குப் படுக்கும் முன் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்தால் காலை 6 வரை தாங்கும்.

அப்படி இல்லாமல் 403 என்ற பிழை வந்திருந்தால் கோளாறு லிங்க்கில். சில தளங்கள் தரும் டவுன்லோடு லிங்க் சில மணி நேரமே செல்லும். முகவரியின் வாலில் `expires` அல்லது `token` என்று நீளமாகத் தொங்கினால் அது அந்த வகை. இரவு எழுதி வைத்தது விடிவதற்குள் செத்திருக்கும். என்.பி.டி.இ.எல் போல நேரடியாக ஃபைலைக் கொடுக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி வேகத்துக்கு வருவோம். உங்கள் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. 50 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 6 எம்பி சொச்சம். தனியாளாக இழுத்தால் 300 எம்பிக்கு ஒரு நிமிடம் போதும். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 1.25 எம்பிபிஎஸ், அதாவது அரை மணி நேரம்.

ஆனால் நெரிசல் எப்போதும் வயரில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காற்றிலும் இருக்கலாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கடைசி அறையில், இரண்டு சுவர் தாண்டி, சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் போன் 1 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். 1,500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்ப அதற்கு 12 மில்லி விநாடி ஆகும். 54 எம்பிபிஎஸ் வேகத்தில் இருக்கும் லேப்டாப்புக்கு அதே பாக்கெட் கால் மில்லி விநாடிகூட ஆகாது. ஆளுக்கொரு பாக்கெட் என்று முறை வைத்து அனுப்பினாலும் நேரத்தின் பெரும்பகுதி அந்தப் போனுக்கே போகும். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஊர்ந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் விடுதியில் நெரிசல் எங்கே என்று அறிய, இரவு 9 மணிக்கு இந்த இரண்டையும் ஓட்டுங்கள் (முதல் முகவரி உங்கள் ரவுட்டருடையது, வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்):

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

ரவுட்டருக்கான பதிலே 100, 200 மில்லி விநாடி என்று எகிறினால் நெரிசல் காற்றில். அப்போது ரவுட்டருக்கு லேன் கேபிள் செருகிப் பாருங்கள், ராத்திரி 9 மணிக்கே விடிவு கிடைக்கலாம். 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் அதற்கு மாறுவதும் உதவும். ரவுட்டர் சட்டென்று பதில் சொல்லி, இரண்டாவது மட்டும் தாமதமானால் நெரிசல் வயரில். அதற்குக் கேபிள் மருந்தாகாது, நாலரை மணிதான் மருந்து.

இது உங்கள் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ஹோம் 500 என்றொரு திட்டம் இருந்தது. அதில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் சித்தப்பாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அலாரம் இல்லாத வழி. லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால், லிங்க்குகளை வரிக்கு ஒன்றாக `list.txt` என்ற ஃபைலில் எழுதி, வீடியோக்கள் இறங்க வேண்டிய ஃபோல்டரில் வையுங்கள். `crontab -e` கொடுத்து இந்த வரியைச் சேருங்கள். `user`, `paadam` என்ற இடங்களில் உங்கள் பெயரும் ஃபோல்டரும்:

```
30 4 * * * cd /home/user/paadam && wget -c --limit-rate=3m -i list.txt
```

`-c` என்பதுதான் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்வது. எழுந்ததும் அந்த வரியில் `cd` தொடங்கிக் கடைசிவரை உள்ளதை இன்னொரு முறை கையால் ஓட்டுங்கள்: நடுவில் கரண்ட் போய் அறுந்திருந்தால் மிச்சம் வந்துவிடும், முழுதாக இறங்கியவற்றை அது தொடாது. லேப்டாப் தூங்கிவிட்டால் எதுவும் நடக்காது. சார்ஜரில் போட்டு, தானாகத் தூங்கும் வசதியை அணைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள். விண்டோஸ் என்றால் Free Download Manager-இல் நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது.

`--limit-rate=3m` என்பதை எடுத்துவிடாதீர்கள். விநாடிக்கு 3 எம்பி, அதாவது இணைப்பில் பாதி. பத்து வீடியோ பதினேழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிற இன்னொருவருக்கும் மீதிப் பாதி இருக்கும். நாற்பது பேரும் நாலரைக்கே குறித்து வைத்தால் அதுவும் இரவு 9 மணி ஆகிவிடும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் வகுப்புக்காரர்கள் விடுதியில் ஐந்து பேர் இருந்தால், ஐவருக்கும் பாடம் ஒன்றுதானே? ஒருவர் இறக்கி, மற்றவர்களுக்குப் பென்டிரைவில் கொடுங்கள்; திட்டுகிற அண்ணனுக்கும் சேர்த்து.