பெரியவர் எழுதியதைத் திருத்தும்போது

குடும்ப மலருக்குத் தாத்தா இப்படி எழுதித் தருகிறார்: “ஆத்துல தண்ணி வரும். வரும்னா, அப்படி வரும். ஒரு வருஷம் வெல்லம் வந்து தெருவே முழுகிருச்சு.”

இதில் கட்டாயம் மாற்ற வேண்டியது ஒரே சொல்: வெல்லம், வெள்ளம் ஆக வேண்டும். (இல்லாவிட்டால் தெரு இனித்திருக்கும்!) ‘ஆத்துல’ அவர் பேச்சு; ‘ஆற்றில்’ ஆக்காதீர்கள். ‘வரும்னா, அப்படி வரும்’ என்பதைக் கூறியது கூறல் என்று வெட்டத்தான் கை போகும். தண்ணீரின் வேகமே அதில்தான் இருக்கிறது. “ஆற்றில் நீர் பெருக்கெடுத்து ஓடும்” என்று எழுதினால் பிழையில்லைதான், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு. ஒற்று, ல-ள-ழ, விட்டுப்போன சொல் ஆகியவற்றை நீங்களே திருத்தலாம். ஆண்டும் வயதும் முரண்பட்டால் நீங்களாகச் சரிசெய்யாமல் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அவரையே கேளுங்கள்.

வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டுமா? புதுச்சொல் தேடாதீர்கள், அவர் வேறு பக்கத்தில் புழங்கிய சொல்லையே எடுங்கள். முடிந்ததும் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். “இப்படி அவர் பேசமாட்டாரே” என்று பாட்டி நிறுத்தும் இடத்தில் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதற்காகவே மூலப்பிரதியின் நகல் ஒன்று கைவசம் இருக்கட்டும்.