கழித்துப் பார்த்தால்தான் குறை தெரியும்

நர்சிங் தியரி அசைன்மென்டுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். டோரதியா ஓரெமின் சுயபராமரிப்புக் குறைபாட்டுக் கோட்பாட்டை எடுக்கும் மாணவிகள் பெரும்பாலும் எட்டுப் பொதுத் தேவைகளுக்கும் ஒரு கட்டம் போட்டு, "காற்று: இயல்பான சுவாசம்" என்று தொடங்கி வரிசையாக நிரப்பிவிடுவார்கள். கடைசியில் "அறிவுக் குறைபாடு, சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது" என்று முடியும். இதில் நோயாளியும் இல்லை, ஓரெமும் இல்லை.

ஓரெம் கேட்பது ஒரு கழித்தல் கணக்கு. இந்த நோயோடு வாழ இவர் தினமும் என்னென்ன செய்தாக வேண்டும் என்பது ஒரு பக்கம். அவரால் எவ்வளவு செய்ய முடிகிறது என்பது மறுபக்கம். முன்னதில் பின்னது போக மிஞ்சுவதே குறைபாடு. அந்த இடத்தில்தான் நர்ஸுக்கு வேலை.

வகுப்பில் நான் எடுத்துக்கொள்ளும் கேஸ் இது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 58 வயது அம்மா, நெடுநாள் சுகர். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின். பார்வை மங்கல். மகனுடைய வீட்டில் வசிக்கிறார். வேலைக்குப் போகும் மருமகள் வந்து சமைத்தால்தான் இரவுச் சாப்பாடு. HbA1c 10-க்கு மேல். காலை அளவை டாக்டர் 20 யூனிட்டிலிருந்து 30 ஆக்கியும் சர்க்கரை இறங்கவில்லை. கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதியிருந்தது.

அந்த அம்மாவிடம் என்ன சாப்பிடக்கூடாது என்று கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார். ஆகவே அறிவுக் குறைபாடு என்று எழுத இடமில்லை. சுயபராமரிப்புச் செயலை ஓரெம் மூன்று படியாகப் பிரிக்கிறார்: நிலைமையை அறிவது, முடிவெடுப்பது, செய்து முடிப்பது. ஒவ்வொரு வேலையையும் இந்த மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

காலை ஊசியை எடுத்துக்கொள்வோம். எப்படிப் போடுகிறீர்கள் என்று வாயால் கேட்டதோடு விடக்கூடாது, நம் கண் முன்னால் மருந்தை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிஞ்சைக் கண்ணருகே வைத்து, 30 என்ற எண்ணைத் தேடி மருந்தை இழுத்தார். சரியாகத்தான் இழுத்தார். ஆனால் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். ஆஸ்பத்திரி தந்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி U-40 சிரிஞ்சு வேண்டும். கடையில் கொடுத்தது U-100. அதில் 30 என்ற கோடு 0.3 மில்லி. அதை 40-ஆல் பெருக்கினால் 12 யூனிட்தான். டாக்டர் 30 எழுத, உடம்புக்குள் போனது 12.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சரியான சிரிஞ்சு கற்றுக்கொடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஆபத்து. அளவைக் கூட்டியதே இந்தக் குறைந்த மருந்தால் இறங்காத சர்க்கரையைப் பார்த்துத்தான். மறுநாள் சிவப்பு மூடி சிரிஞ்சில் உண்மையான 30 ஏறினால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். முதலில் டாக்டரிடம் சொல்லி அளவை மறுபடி முடிவு செய்ய வேண்டும். அது திட்டத்தின் முதல் வரியாக வரட்டும்.

இரவு ஊசியின் கதை வேறு. அதை அவர் பாதி நாள் போடுவதே இல்லை. "முன்னாடி ஒருநாள் எட்டு மணிக்கே ஊசியப் போட்டுட்டேன் சிஸ்டர். மருமக வந்து சமைக்க ஒம்பதரை ஆயிடுச்சு. கை காலெல்லாம் நடுங்கி வேர்த்துக் கொட்டிடுச்சு. அதான் லேட்டாகும்னா விட்டுடறேன்." இந்தக் கலவை ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாதவர், விழுந்துவிடக் கூடாது என்று தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறார். ஓரெமின் கண்ணில் இதுவும் யோசித்து எடுத்த சுயபராமரிப்பு முடிவுதான். குறை சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. அடிப்படைக் காரணிகளில் "குடும்பம்: கூட்டுக் குடும்பம்" என்று ஒரு வார்த்தை எழுதி விட்டுவிடுகிறோமே, அந்த இடத்தில்தான் இது வர வேண்டும்.

இப்படிப் பிரித்துவிட்டால் நர்சிங் முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆளுக்கு ஒரு முறை என்றில்லை, வேலைக்கு ஒரு முறை. காலை ஊசிக்குப் பகுதி ஈடுசெய்யும் முறை: அளவை மருமகள் எடுத்துத் தர, அம்மா இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். இரவுக்கு ஆதரவும் கல்வியும் தரும் முறை: மாமியாரையும் மருமகளையும் சேர்த்து உட்காரவைத்து, தட்டு வரும் நேரத்தை வைத்து ஊசி நேரத்தை முடிவு செய்வது, நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது.

மதிப்பீட்டில் "HbA1c குறைந்தது" என்று ஒரே வாரத்தில் எழுதுபவர்கள் உண்டு. அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி; ஒரு வாரத்தில் எதையும் சொல்லாது. மருமகள் சிவப்பு மூடி சிரிஞ்சில் சரியான கோடு வரை இழுத்துக் காட்டினாரா, இந்த வாரம் எத்தனை இரவு ஊசி விட்டுப்போனது என்று எழுதுங்கள்.

கோட்பாட்டை விமர்சிக்கும் பகுதிக்கும் இந்த வீடே போதும். ஓரெம் கணக்கு தனிமனிதரின் திறனிலிருந்து தொடங்குகிறது. பிறர் செய்யும் பராமரிப்புக்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். ஆனால் அது குழந்தையையோ இயலாதவரையோ மனத்தில் கொண்டது. இந்த அம்மா இயலாதவர் இல்லை, அடுப்படி மட்டும் அவர் கையில் இல்லை. இவரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று இரண்டு பத்தி வாதாடும் மாணவிக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.