லாக்கர் வாடகை: பாஸ்புக் வரியும் ஒப்பந்தத் தாளும்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாஸ்புக்கோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். "ஐயா, இந்த லாக்கருக்கு எத்தனை தடவைதான் பிடிப்பாங்க?" என்பதுதான் எப்போதும் அவர் கேட்கும் கேள்வி. அவர் கணக்கில் லாக்கருக்காகப் பிடித்த தொகைகளில் ஒன்று சரியாக இருந்தும் தவறாகத் தெரிந்தது. ஒன்று உண்மையிலேயே தவறு. இன்னொன்று சரிதான், ஆனால் தவிர்த்திருக்கலாம். லாக்கர் வைத்திருக்கும் பலரிடம் நான் கேட்டிருக்கும் நம்பிக்கைகளை அந்த மூன்றையும் வைத்தே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: நாலு மாதத்தில் இரண்டு தடவை பிடித்தால் வங்கி ஏமாற்றுகிறது.

டீச்சர் லாக்கர் எடுத்தது 2023 டிசம்பர் 11. அன்றே கணக்கிலிருந்து 1,770 ரூபாயும் 590 ரூபாயும் தனித்தனியாகப் போயின. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி 3,540 ரூபாய். "வருஷ வாடகைன்னுதானே சொன்னாங்க? நாலு மாசம்கூட ஆகலையே!" என்று பதறி வந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. லாக்கர் வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வங்கிகள் சொல்லும் வாடகை வரி சேராத தொகை. பாஸ்புக்கில் வருவதோ பெரும்பாலும் வரியும் சேர்ந்த தொகை. அதனால் பிடித்த தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். 3,540 என்பது 3,000 ஆகும். 1,770 என்பது 1,500. 590 என்பது 500. தலையும் வாலும் புரியாத தொகைகள் மூன்றும் முழு நூறுகளாகிவிட்டன. இனி அந்தத் தொகைகளை ஒப்பந்தத்தில் தேடலாம்.

டீச்சரிடம் ஒப்பந்த நகல் இருந்தது. நடுத்தர அளவு லாக்கருக்கு ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றும், முதல் முறை பதிவுக் கட்டணம் 500 ரூபாய் என்றும் கட்டண அட்டவணையில் இருந்தது. வாடகை ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றும், இடையில் எடுப்பவர்களுக்குக் காலாண்டுக் கணக்கில் வசூலிக்கப்படும் என்றும் ஒரு வரி இருந்தது. டிசம்பர் 11 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் விழுகிறது. அந்தக் காலாண்டும் அடுத்ததும் சேர்ந்து அரை ஆண்டு, அதற்கு 1,500 ரூபாய். ஏப்ரலில் புது ஆண்டுக்கு முழு வாடகை முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. மூன்று வரிகளும் சரி.

எல்லா வங்கியும் இப்படிச் செய்வதில்லை. லாக்கர் எடுத்த தேதியிலிருந்து ஓராண்டு என்று கணக்கிடும் வங்கிகளும் உண்டு. அந்த முறையில் டீச்சரிடம் ஏப்ரலில் பிடித்திருந்தால் அது தவறுதான். தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒப்பந்தத்தில் வாடகை ஆண்டு எப்போது தொடங்குகிறது என்ற வரியைப் படித்தால்தான் தெரியும்.

நம்பிக்கை: ஒப்பந்தம் வங்கியிடம் இருக்கும், நமக்கெதற்கு?

2021 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி லாக்கர்களுக்கான புதிய விதிகளை வெளியிட்டது. 2022 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இரண்டு படிகளாக இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு படி வாடிக்கையாளருக்குத் தரப்பட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பழைய லாக்கர்காரர்களுக்கும் புது ஒப்பந்தம் போட 2023 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் கிளைக்குப் போய் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். உங்களிடம் நகல் இல்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாடகை காலப்போக்கில் மாறக்கூடியது என்பதால், நடப்பு ஆண்டின் கட்டண அட்டவணையையும் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் பிடித்த தொகை தப்பாக இருக்காது.

2025 மார்ச் கடைசியில் டீச்சர் கணக்கில் இரண்டு தடவை 118 ரூபாய் போயிருந்தது. சின்னத் தொகை என்பதால் அவரே பொருட்படுத்தவில்லை. நான்தான் பார்த்தேன். 1.18 ஆல் வகுத்தால் நூறு நூறு ரூபாய். ஒப்பந்த அட்டவணையில் நூறு ரூபாய்க்கு ஒரே ஒரு இனம்தான் இருந்தது: ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இலவசமாகத் திறக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 100 ரூபாயும் ஜிஎஸ்டியும். அப்படியானால் வங்கிக் கணக்குப்படி டீச்சர் பதினான்கு முறை போயிருக்க வேண்டும்.

அவ்வளவு தடவை போகவே இல்லை என்றார் அவர். இதைச் சரிபார்க்க அருமையான சாட்சி அவர் செல்போனிலேயே இருந்தது. லாக்கரைத் திறந்தால் அன்றைய நாள் முடிவதற்குள் தேதி நேரத்தோடு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும் என்பதும் அதே 2021 விதிதான். எஸ்எம்எஸ்களை எண்ணினோம். பதினான்கு இருந்தன! ஆனால் அவற்றில் இரண்டின் தேதிகளில் டீச்சர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். லாக்கர் செய்தி வந்த நாட்களில் அவர் அதைப் படிக்கவே இல்லை. இந்தக் கட்டத்தில் எனக்கே சற்றுப் பயம் வந்தது. விஷயம் 236 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. அவர் ஊரில் இல்லாதபோது லாக்கரை யார் திறந்தது?

மறுநாள் கிளைக்குப் போய், லாக்கர் அறை வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு தேதிகளைக் காட்டச் சொன்னோம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது வேறொருவர், லாக்கர் எண் 72. டீச்சருடையது 27. கணினியில் ஏற்றியவர் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அன்றே டீச்சர் தன் லாக்கரைத் திறந்து நகைகளைச் சரிபார்த்துக்கொண்டார். எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த மனுவின் பேரில் 236 ரூபாய் கணக்குக்குத் திரும்பியது, பதிவும் திருத்தப்பட்டது. சின்னத் தொகையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கிளை இப்படித் திருத்திக் கொடுக்காவிட்டால், புகாரை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே ஒப்பந்த நகலும் பாஸ்புக் பக்கமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம்பிக்கை: கணக்கில் பணம் இல்லாவிட்டால் என்ன, வந்ததும் எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கூடுதலாக. 2025 ஏப்ரலில் டீச்சர் இருந்ததையெல்லாம் வைப்பு நிதியில் போட்டுவிட்டு 1,200 ரூபாயை மட்டும் கணக்கில் வைத்திருந்தார். வாடகை பிடிபடவில்லை. ஜூன் மாதம் பணம் போட்டதும் 3,894 ரூபாய் போனது. வகுத்துப் பார்த்தால் 3,300. வாடகை உயர்ந்திருக்கிறதோ என்று முதலில் தோன்றும். அப்படித் தோன்றினால் அட்டவணையைப் பாருங்கள். வாடகை அதே 3,000தான். முதல் காலாண்டுத் தாமதத்துக்குப் பத்து சதவீதம் என்று அவருடைய வங்கியின் அட்டவணையில் இருந்தது. தாமதம் நீள நீளச் சதவீதமும் ஏறும். இதில் வங்கி மேல் குற்றமில்லை. வாடகைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வாடகையும் வரியும் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வழி.

தொடர்ந்து மூன்று ஆண்டு வாடகை வராவிட்டால், உரிய அறிவிப்புக்குப் பிறகு வங்கி லாக்கரை உடைத்துத் திறக்கலாம். அதனால்தான் வாடகை போன பாஸ்புக் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன். கொல்கத்தாவில் 1994இல் வாடகை பாக்கி என்று சொல்லி ஒரு லாக்கர் உடைக்கப்பட்டது. ஆனால் அந்த வாடகை அதற்கு முன்பே கட்டப்பட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரி 19 அன்று வங்கி 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டதும் அந்தத் தீர்ப்புதான். மேலே சொன்ன ஆகஸ்ட் விதிகள் பிறந்தது அப்படி.

நம்பிக்கை: வைப்பு நிதி போட்டிருக்கிறோம், வாடகை அதிலிருந்து போய்விடும்.

இல்லை. லாக்கர் தரும்போது மூன்றாண்டு வாடகைக்கும் உடைக்கும் செலவுக்கும் ஈடான வைப்பு நிதியை வங்கி கேட்கலாம். அது பாதுகாப்புக்கான பணம். உங்கள் பெயரிலேயே இருக்கும், வட்டியும் உங்களுக்கே. வாடகை தனியாகச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவரிடமோ, திருப்தியாக இயங்கும் கணக்கு வைத்திருப்பவரிடமோ அந்த வைப்பைக்கூட வற்புறுத்தக் கூடாது. லட்சக்கணக்கில் போட்டால்தான் லாக்கர் என்று சொன்னால் அது விதிக்குப் புறம்பானது.

நம்பிக்கை: வருஷத்துக்கு ஒரு தடவை போகும் பணமெல்லாம் லாக்கருக்குத்தான்.

மே, ஜூனில் 436 ரூபாய் போயிருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் போயிருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஏடிஎம் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் தனி. இவை எதுவும் லாக்கர் ஒப்பந்தத்தில் இருக்காது. லாக்கர் வரிகளில் பொதுவாக `LOCKER RENT` அல்லது `LKR` என்பது போல ஏதாவது சுருக்கம் இருக்கும்.

நம்பிக்கை: ஆண்டு நடுவில் லாக்கரைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் போனதுதான்.

முன்கூட்டி வாங்கிய வாடகையில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கை வங்கி திருப்பித் தர வேண்டும். டீச்சர் செப்டம்பர் கடைசியில் சாவியைக் கொடுத்தால் 3,000 ரூபாயில் பாதி அவருக்குச் சேர வேண்டும். தானாக வரும் என்று காத்திராமல், சாவி ஒப்படைக்கும் கடிதத்திலேயே மீதி வாடகையை எந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.